பூவான எலும்பும் மணலில் கிடந்த எலும்பும்

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் பஸ்ஸில் ஏறினால் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டரில் திருப்புவனம். அமாவாசை அன்று அந்த பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. பாதிப் பேர் கையில் எள், தர்ப்பை, வாழை இலை உள்ள மஞ்சள் பை இருக்கும். இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க வைகைக் கரைக்குப் போகிறவர்கள். நானும் அப்பாவுக்குத் திதி கொடுக்கத்தான் தாய்மாமாவோடு போனேன்.

அஸ்தி கரைக்க ஏன் இத்தனை பேர் இங்கே வருகிறார்கள் என்பதற்குத் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. ஒரு மகன் தன் தந்தையின் எலும்பை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் போகும் வழியில் இங்கே தங்கினான். பானையைத் திறந்தால் உள்ளே எலும்பு இல்லை, பூ இருந்தது. அதனால்தான் ஊர் பூவணம், சுவாமி புஷ்பவனேஸ்வரர். எதிர்க்கரையில் நின்ற சம்பந்தருக்கு ஆற்று மணலெல்லாம் லிங்கமாகத் தெரிந்ததாம். அதை மிதிக்க மனம் வராமல் அங்கிருந்தே அவர் பாட, தரிசனத்துக்கு மறைக்காமல் நந்தி விலகிக்கொடுத்தது. இன்றைக்கும் நந்தி நேராக இல்லாமல் சற்று ஒதுங்கித்தான் இருக்கிறது.

திதி முடிந்ததும் கோயிலுக்குள் போனோம். மாமா சைவ சித்தாந்த வகுப்புக்குப் பல வருடமாகப் போகிறவர். சுவாமி முன்னால் நின்று சிவபுராணம் சொன்னார். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கி "எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்" என்ற இடம் வந்தபோது அவர் குரல் கம்மியது. மாணிக்கவாசகர் நம்ம பக்கத்துத் திருவாதவூர்க்காரர். அந்த "இளைத்தேன்" என்ற சொல்லில் ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது. புல்லாக இருந்ததும், புழுவாக இருந்ததும், இப்போது மனிதனாக நின்று பாடுவதும் ஒரே ஆள். உடம்புகள் மாறின, களைப்பு மட்டும் சேர்ந்துகொண்டே வந்தது. களைத்துப்போன அந்த ஒருவர் இல்லையென்றால் அந்த வரிக்கே பொருள் கிடையாது.

வெளிப்பிரகாரத்தில் உட்கார்ந்தபோது எனக்கு இன்னொரு எலும்பு ஞாபகம் வந்தது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் பாடிய மணிமேகலையில் வரும் எலும்பு.

ஆபுத்திரன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தாய் விட்டுப்போன குழந்தையை ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காப்பாற்றியது. வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டிவைத்திருந்த பசு ஒன்றை அவன் அவிழ்த்து விட்டதால் ஊர் அவனைத் துரத்தியது. தென்மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் வாசலில் தங்கி, பிச்சை எடுத்ததை இல்லாதவர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தான் சாப்பிட்டு வந்தான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் கலங்கி நின்றபோது, தேவி தன் கையிலிருந்த அமுதசுரபியைக் கொடுத்தாள். பிற்பாடு சாவக நாட்டுக்குப் போகக் கப்பலேறியவன், மணிபல்லவத் தீவில் இறங்கிய நேரத்தில் கப்பல் போய்விட, யாருமில்லாத தீவில் பாத்திரத்தால் யாருக்கும் பயனில்லை என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து இறந்தான்.

இறந்தவன் சாவகத்தில் பிறக்கிறான். முன்பு தன்னைக் காத்த அதே பசு அங்கே மறுபடி பிறந்திருக்கிறது. அதன் வயிற்றிலேயே பிறந்து, அரசனால் வளர்க்கப்பட்டு, புண்ணியராசனாக ஆட்சி செய்கிறான். பிறகு மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு வரச் செய்கிறாள். அங்கே புத்த பீடிகையை வணங்கியதும், கண்ணாடியில் முகம் தெரிவதுபோல முற்பிறப்பு தெரிகிறது. அவன் முதலில் கூப்பிடுவது யாரை என்று பாருங்கள்: "தென்தமிழ் மதுரைச் செழுங்கலைப் பாவாய்!" சாவகத்து அரசன் வாயிலிருந்து மதுரைத் தெய்வத்தின் பெயர் வருகிறது. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அப்புறம் தீவதிலகை என்ற காவல் தெய்வம் வந்து, புன்னை மரத்தடி மணலில் புதைந்த எலும்பைக் காட்டுகிறாள். அது அவனுடைய சொந்த எலும்பு. பக்கத்திலேயே ஒன்பது செட்டிகளின் எலும்பு. கப்பல் விட்டுவிட்டுப் போனவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்ததைக் கண்டு தாங்களும் உயிர்விட்டவர்கள். தீவதிலகை அரசனிடம் சொல்வது கடுமையான வார்த்தை. உன்னுயிரையும் கொன்றாய், உனக்காக இரங்கி வந்தவர்கள் உயிரையும் கொன்றாய், "கொலைவன் அல்லையோ கொற்றவன் ஆயினை."

இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, பௌத்தத்துல ஆன்மாவே இல்லைன்னுதான சொல்றாங்க? அப்புறம் எப்படி 'நீ கொன்னே'ன்னு அந்த ராசாகிட்ட கேக்க முடியும்? கொன்னவன் மண்ணுக்குள்ள எலும்பாக் கெடக்கான்ல?"

சரியான கேள்வி. பௌத்தத்தின் எதிரிகள் எல்லாரும் கேட்ட கேள்வியும் இதுதான். மாமாவுக்கு மெய்கண்டாரின் சிவஞானபோதம் மனப்பாடம். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த நூலின் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்று "எனதுடல் என்றலின்". என் வீடு என்கிறவன் வீடு ஆகமாட்டான். அதேபோல என் உடல் என்கிறவன் உடலுக்கு வேறானவன். "அந்த ராசா 'இது என் எலும்பு'ன்னு நினைச்சான்ல, அப்பவே ஆன்மா நிரூபணம் ஆச்சு" என்றார் மாமா. அதே சூத்திரத்தில் "உணர்த்த உணர்தலின்" என்றும் இருக்கிறது. உயிர் தானாக அறியாது, அறிவித்தால் அறியும். பீடிகை காட்டியபின்தானே அரசனுக்குத் தெரிந்தது என்று அதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கே ஒரு நிமிடம், சாத்தனார் சைவத்துக்குச் சாட்சி சொல்கிறாரோ என்று தோன்றியது.

ஆனால் பௌத்தம் இதற்குச் சொல்லும் பதில் வேறு திசையில் போகிறது. மனிதன் என்பது ஐந்து கந்தங்களின் கூட்டம்: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. ஒவ்வொன்றையும் பார்த்து, "இது என்னுடையதல்ல, இது நான் அல்ல, இது என் ஆன்மா அல்ல" என்று காணச் சொன்னார் புத்தர். "என் எலும்பு" என்ற எண்ணத்தை மாமா ஆன்மாவுக்கு அத்தாட்சியாக எடுக்கிறார். பௌத்தம் அதையே பற்று என்கிறது, பிறவியை ஓட்டுவதே அந்த எண்ணம்தான் என்கிறது.

அப்படியானால் அறிவு மட்டும் ஒரு உடலிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறதா? புத்தரின் காலத்திலேயே சாதி என்ற பிக்கு, மீனவர் மகன், அப்படித்தான் நினைத்தார். இதே அறிவுதான் பிறவி பிறவியாக ஓடித் திரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அறிவு காரணம் இருந்தால் தோன்றுவது, காரணம் இல்லாமல் தோன்றாது என்றார். மறுபிறப்பைப் பௌத்த முறையில் விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். ஏதோ ஒன்று "போகிறது" என்று சொன்னீர்கள் என்றால் சாதி பிக்குவின் பக்கம் போய்விட்டீர்கள். ஒன்றுமே தொடரவில்லை, செத்தால் முடிந்தது என்றால் அதையும் புத்தர் மறுத்தார்.

போகும் ஆள் இல்லாமல் தொடர்ச்சி எப்படி? ஆபுத்திரனையே எடுத்துப் பாருங்கள். மணிமேகலை கடைசிக் காதையில் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகள் வருகின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு என்று தொடங்கி, வேட்கை, பற்று, பவம், தோற்றம் என்று போய் வினைப்பயனில் முடியும். ஆபுத்திரன் ஏன் அந்தப் பசுவின் வயிற்றில் பிறந்தான் என்பதற்குச் சாத்தனாரே காரணம் சொல்கிறார்: தன்னைக் காத்த பசுவை அவன் உள்ளத்தால் விடவே இல்லை. அது பற்று. பற்றிலிருந்து பிறவிக்கு வித்தாகும் பவம், பவத்திலிருந்து தோற்றம் என்னும் பிறப்பு. உடலைத் தாண்டிப் போனவர் என்று யாரும் இங்கே வேண்டியிருக்கவில்லை. முந்தியது இருந்ததால் பிந்தியது வந்தது, அவ்வளவுதான்.

பொறுப்பு யாருக்கு என்ற மாமாவின் கேள்விக்கு மிலிந்தன் என்ற யவன அரசனுக்கு நாகசேனர் என்ற பிக்கு சொன்ன வழக்கு ஒன்று இருக்கிறது. ஒருவன் மாம்பழம் திருடி மாட்டிக்கொள்கிறான். "இவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு. இவருடையதை நான் எடுக்கவே இல்லை" என்று வாதாடுகிறான். அவன் சொல்வது ஒரு வகையில் உண்மை. நட்ட கொட்டை எப்போதோ மண்ணில் மக்கிப்போனது. ஆனாலும் அவனுக்குத் தண்டனை உண்டு என்று மிலிந்தனே ஒப்புக்கொள்கிறான், ஏனென்றால் இந்தப் பழம் அந்தக் கொட்டையிலிருந்து வந்தது. அதுபோலத்தான், மனமும் உடலும் சேர்ந்த இந்த அருவுருவால் செய்த வினையால் இன்னொரு அருவுரு பிறக்கிறது, அதனால் வினை விடாது என்கிறார் நாகசேனர். புண்ணியராசன் ஆபுத்திரனே என்றும் சொல்ல முடியாது, வேறு ஆள் என்றும் தப்பிக்க முடியாது. ஒன்பது செட்டிகளின் எலும்பைப் பார்த்து அவனால் "அது நான் இல்லை" என்று சொல்ல முடியவில்லை.

நான் சைவத்தில் பிறந்தவன், "இளைத்தேன்" என்ற வார்த்தைக்கு உருகுகிறவன். களைத்த உயிரைக் கைகொடுத்துத் தூக்க இறைவன் வருவான் என்ற ஆறுதல் அந்த நிலையான உயிரோடு சேர்ந்தே வருகிறது. பௌத்தத்தில் தூக்கிவிட யாரும் வரப்போவதில்லை, தூக்கப்படும் ஒருவரும் இல்லை. ஆனால் அங்கே செயலுக்கு இருக்கும் கனம் என்னை அசைக்கிறது. நாளை பிறக்கப்போகிறவனுக்கு நான் விட்டுப்போவது என் செய்கை ஒன்றுதான்.

மாமா அடுத்து கேட்டது: "அப்ப இன்னைக்குக் கொடுத்த பிண்டம்? அவங்க கணக்குல உங்க அப்பாவுக்குப் போகுமா, போகாதா?"

நம் மரபில், மறுபடி எங்கே எப்படிப் பிறந்திருந்தாலும் பித்ரு தேவதைகள் அதை அந்தந்த உடலுக்கு ஏற்ற உணவாக மாற்றிச் சேர்ப்பார்கள் என்று நம்புகிறோம். பௌத்தத்தில் இதே கேள்வியை ஜானுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடமே கேட்டிருக்கிறார். சிராத்தம் இறந்தவருக்குப் போய்ச் சேருமா என்று. பிரேத நிலையில் பிறந்திருந்தால் சேரும், தேவராகவோ மனிதராகவோ விலங்காகவோ பிறந்திருந்தால் அவரவருக்கு அங்கங்கே உள்ள உணவுதான் என்றார் புத்தர். அவர் அங்கே இல்லாவிட்டால்? அந்த நிலையில் இருக்கும் வேறு உறவினர் பெறுவர். நீண்ட சம்சாரத்தில் அந்த இடம் உறவினரே இல்லாமல் காலியாக இருக்காது, அதோடு கொடுத்தவனுக்கும் பலன் இல்லாமல் போகாது.

"முதல் பாதிய நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் மாமா. "அப்பாவுக்குப் போகும். ஆனா கொடுத்தவனுக்குப் பலன் உண்டுங்கிறது நம்மளும் சொல்றதுதான்."

எலும்பைக் கண்டு கலங்கிய அரசனுக்கு மணிமேகலை சொன்ன பதிலை அவரிடம் சொன்னேன். "மன்னுயிர்க் கெல்லாம் உண்டியும் உடையும் உறையுளும் அல்லது கண்டதில்." அதுதான் அறம் என்கிறாள். மாமா அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அப்புறம் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இட்லிப் பொட்டலம் வாங்கப் போனோம். எத்தனை வாங்குவது என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை.