உப்பு ஜாடி நாட்கள்

ஜூன் 11
ப்ரேயர் முடியறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தூணப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பசங்க சிரிச்சாங்க.

ஜூன் 13
இன்னைக்கும் மாங்கா ஊறுகாய் ஜாடிய தொறந்து மாங்காய விட்டுட்டு அந்தத் தண்ணிய மட்டும் ஸ்பூன்ல எடுத்து குடிச்சேன். மூணு ஸ்பூன். அதுக்கப்புறம் கல்லு உப்பு ரெண்டு எடுத்து வாய்ல அடக்கிக்கிட்டேன், மிட்டாய் மாதிரி. அத்தை பாத்துட்டாங்க. "மாசமா இருக்கியா"ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னதும் மூஞ்சி போன போக்கு.

ஜூன் 16
க்ளினிக். உக்கார வெச்சு பிபி பாத்தாங்க, 94/60. "ஒல்லியா இருக்கற லேடீஸ் நெறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும், லெமன் ஜூஸ்ல உப்பு போட்டு குடிங்க, நல்லா சாப்பிடுங்க." சத்து மாத்திரை, டானிக். நான் ஒல்லியா இருந்ததே இல்ல டாக்டர், ஆறு மாசத்துல ஒம்போது கிலோ எறங்கிருக்கேன்னு சொல்ல வாய் வந்துச்சு, அதுக்குள்ள அடுத்த டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. உப்பு ஜூஸ் குடிச்சா ஒரு மணி நேரம் நல்லா இருக்கு, அதான் கொழப்பமே, சும்மா சோர்வுன்னா உப்புக்கு ஏன் கேக்கணும்?

ஜூன் 20
தங்கச்சி வீட்டு விசேஷம். பாக்கறவங்க எல்லாம் "என்னடி இப்படி கறுத்துட்ட", வெயில்ல அலையாதன்னு அட்வைஸ். ஸ்கூல் பஸ்ல போய் பஸ்ல வர்றவ நான் எங்க வெயில்ல அலைஞ்சேன். போட்டோல பாத்தா நெசமாவே வேற ஆளு மாதிரி இருக்கேன். ராத்திரி கைய விரிச்சு லைட்டுல பாத்தேன், உள்ளங்கை ரேகை எல்லாம் பேனாவால வரைஞ்ச மாதிரி கறுப்பு. சமையல் பண்ற கைதானேன்னு சோப்பு போட்டு தேச்சேன். போகல.

ஜூன் 24
வாந்தி. லீவு. ஊறுகாய் ஜாடி காலி.

ஜூன் 27
இவர் ஆபீஸ்ல யாரோ சொன்ன டாக்டர். சின்னப் பையன்தான். உக்கார வெச்சு பாக்காம படுக்கச் சொல்லி அஞ்சு நிமிஷம் விட்டுட்டு பிபி எடுத்தார், 102/66. அப்புறம் எழுந்து நிக்கச் சொன்னார். மூணு நிமிஷம் நின்னதும் மறுபடி எடுத்தார், 76/48, எனக்கு காது அடைச்சுப் போச்சு, நர்ஸம்மா தோள புடிச்சுக்கிட்டாங்க. இத்தனை நாளா உக்கார வெச்சே பாத்துட்டு அனுப்பிருக்காங்க, நின்னாதானே விழறேன்?

அப்புறம் கைய விரிக்கச் சொன்னார், வாயத் தொறந்து ஈறு பாத்தார், அங்கயும் கறுப்புத் திட்டு இருக்காம், நான் பாத்ததே இல்ல. பழைய அப்பெண்டிக்ஸ் தழும்பு கறுத்துருச்சான்னு கேட்டார். ஆமா! எப்படித் தெரியும்? உப்பு சாப்பிடத் தோணுதான்னு கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. இவர் "ஜாடியோட குடிக்கறா சார்"னு போட்டுக் குடுத்தார்.

மூட்டு வலிப் பொடி, வீசிங் மாத்திரைன்னு ஸ்டீராய்டு ஏதாவது ரொம்ப நாள் எடுத்து நிறுத்தினீங்களான்னு கேட்டார். இல்ல. அப்படி நிறுத்தினவங்களும் இதே மாதிரி சுருண்டு விழுவாங்களாம், ஆனா அவங்களுக்கு மூளைலருந்து போற ஆர்டர்தான் தூங்கிருக்கும், அதனால தோல் கறுக்காது, உப்பு வெறியும் வராதாம். எனக்கு சுரப்பியே போயிருக்கும்னு சந்தேகப்படறார்.

இன்னைக்கே அட்மிட்.

ஜூன் 28
நேத்து சோடியம் 124, பொட்டாசியம் 5.8. உப்பு பூரா யூரின்ல போய்க்கிட்டே இருந்திருக்கு, ஒடம்பு அதத்தான் ஜாடில தேடிருக்கு. ரத்தம் எடுத்த கையோட, ரிசல்ட்டுக்கு காத்திருக்காம ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்புல போட்டு சலைன் ஏத்தினாங்க. ஒரு டியூப ஐஸ் டப்பால வெச்சு லேப் பையன் ஓடினான், மீன் வாங்கிட்டு ஓடற மாதிரி.

சாயங்காலம் எழுந்து பாத்ரூம் வரைக்கும் தனியா நடந்தேன். நெசமா.

ஜூன் 30
அந்தச் சுரப்பி சுரக்கற கார்டிசால் ஹார்மோன் வெறும் 2.1. ஒடம்பு அவ்ளோ மோசமா இருந்தப்போ எடுத்தது, எக்கச்சக்கமா ஏறியிருக்க வேண்டிய நேரமாம். ஐஸ் டியூப்ல பாத்தது ஏசிடிஹெச், மூளைலருந்து சுரப்பிக்குப் போற ஆர்டர், அறுபதுக்குள்ள இருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டியிருக்கு. மூளை "சுரக்க சுரக்க"ன்னு கத்திக்கிட்டே இருக்கு, கேக்க ஆள் இல்ல. அந்தக் கத்தல்தான் தோல கறுப்பாக்குதாம். ஊரே வெயில்னு சொன்னது இதுதான். அந்தச் சுரப்பிக்கு அட்ரீனல்னு பேரு, ரெண்டு கிட்னி மேலயும் ஒண்ணொண்ணு. அடிசன் நோயாம், 1855ல லண்டன்ல தாமஸ் அடிசன்னு ஒரு டாக்டர் எழுதிவெச்சது.

அத்தை அதுக்குள்ள போன்ல நாலு பேருக்கு "கிட்னி போயிருச்சு"ன்னு சொல்லிட்டாங்க.

ஜூலை 3
வீடு. ஹைட்ரோகார்டிசோன் இப்போ மாத்திரையா, காலைல கண்ணு முழிச்சதும் பத்து மில்லிகிராம், மத்தியானம் அஞ்சு, சாயங்காலம் அஞ்சு. சாயங்காலத்த தள்ளிப் போட்டா தூக்கம் போயிரும். கூடவே உப்பு நிக்கறதுக்கு ஃப்ளூட்ரோகார்டிசோன் ஒண்ணு, அது மூணு மெடிக்கல்ல இல்ல, நாலாவது கடைல சொல்லிவெச்சு வாங்கினார். "ஸ்டீராய்டா, ஒடம்பு ஊதிரும், சீக்கிரம் நிறுத்திரு"ன்னு பக்கத்து வீட்டக்கா. நிறுத்தினா செத்துருவேன்க்கா. இது ஒடம்பே சுரக்க வேண்டியது, அத வெளிலருந்து ஊத்தறோம், அவ்ளோதான்.

ஜூலை 6
அத்தை புதுசா மாங்கா ஊறுகாய் போட்டுக் குடுத்தாங்க. தொட்டு நக்கினேன். ஒரே உப்பு, முடியல. ஜாடிய மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ஜூலை 10
ஸ்கேன்ல ரெண்டு அட்ரீனலும் வீங்கி இருக்கு. நம்ம ஊர்ல இப்படின்னா டிபியா இருக்கலாம், ஒரு வகை பூஞ்சையா இருக்கலாம், ஊசி வெச்சு துளி சதை எடுத்துப் பாக்கணும், 22ம் தேதி. வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சான்னு கேட்டார். அப்பாவுக்கு. நான் ஏழாவது படிக்கும்போது. அப்பாவோட தனித் தட்டு, தனி டம்ளர். அவர் இருமும்போது நான் மடிலதான் படுத்திருப்பேன். யார்கிட்டயும் இத சொல்லல, இங்க எழுதறேன். டிபின்னா அந்த மாத்திரைல ஒண்ணு, ரிஃபாம்பிசின், ஹைட்ரோகார்டிசோன சீக்கிரம் கரைச்சுருமாம், அப்போ டோஸ ஏத்தணுமாம். இன்னும் டிபியான்னே தெரியல, அதுக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஜூலை 13
இவர் சாத்துக்குடில ஊசி குத்திப் பழகறார். குப்பில பொடி இருக்கும், தண்ணி ஊத்தி கலக்கணும், தொடைல குத்தணும், 100 மில்லிகிராம். காய்ச்சல் வந்தா மாத்திரைய டபுள் பண்ணணும், வாந்தில மாத்திரை நிக்கலன்னா யோசிக்காம ஊசி, அப்புறம் ஆஸ்பத்திரி. கை நடுங்குது அவருக்கு. சாத்துக்குடி மூணு வீணாப்போச்சு.

ஜூலை 17
பசங்ககிட்டருந்து ஒட்டிக்கிட்டது. 101 காய்ச்சல். டபுள் போட்டேன்.

ஜூலை 18, ராத்திரி 2.40
ரெண்டு தடவை வாந்தி. மாத்திரை முழுசா வெளில வந்துருச்சு. இன்னொண்ணு போட்டேன், அதுவும் வந்துருச்சு. எழுந்து உக்காந்தாலே இருட்டுது. வாய்ல உப்பு வேணும் வேணும்னு இருக்கு, மறுபடியும் அதே மாதிரி. இவரை எழுப்பிட்டேன். குப்பிய கலக்கிக்கிட்டிருக்கார். ஆட்டோக்கு அத்தை போன் பண்றாங்க, "கிட்னி கேஸ்"னு சொல்றாங்க, திருத்தறதுக்கு தெம்பு இல்ல