வகுப்பறையில் ஒரு சிரிப்பு

பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் எழுதியதை அறிந்திருக்க வேண்டும். பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று முதலில் கற்பனை செய்கிறோம். அவர்கள் அதை எப்படி மதிப்பிடுவார்கள் என்று அடுத்துக் கற்பனை செய்கிறோம். பிறகு பெருமையோ கூச்சமோ கொள்கிறோம் என்றார் அவர்.

முதல் இரண்டுமே கற்பனை! குரல் உடையும் வயதில் ஒரு மாணவன் வகுப்பில் வாசிக்கும்போது குரல் கீச்சிடுகிறது. பின்வரிசையில் இருவர் சிரிக்கிறார்கள். வகுப்பே தன்னைக் கேலியாகப் பார்க்கிறது என்று அவன் முடிவு செய்கிறான், கை தூக்குவதை நிறுத்துகிறான். ஆசிரியரும் அவனிடம் கேள்வி கேட்பதைக் குறைக்கிறார். அதுவே அவனுக்குச் சான்றாகிவிடுகிறது. எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

உளவியலாளர்கள் ஷ்ராகர், ஷோன்மன் இருவரும் 1979-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிறர் தன்னைப் பற்றி என்ன நினைப்பதாக ஒருவர் நம்புகிறாரோ, அதோடு அவர் தன்னைப் பற்றி நினைப்பது பொருந்தியது. பிறர் உண்மையில் நினைத்ததோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

ஆகவே "கவலைப்படாதே" என்பதைவிட, "யார் சிரித்தார்கள்? என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். கேலி நாள்தோறும் தொடர்ந்தால் அது கற்பனையல்ல. அப்போது பள்ளிக்குச் சென்று பேச வேண்டியவர்கள் நாம்.