6,300 ரூபாய் அதிகமாகக் கேட்ட எங்கள் இறுதி நோட்டீஸ்

சென்னையில் 24 வீடுகள் உள்ள பிளாக் எங்களுடையது. போன வருடம் "நீங்கதான் பேங்க்ல இருந்தவர், கணக்கு தெரியும்" என்று சொல்லி என் தலையில் டிரஷரர் வேலையைக் கட்டினார்கள். கூடவே ஒரு பாக்கியும் வந்து சேர்ந்தது. இரண்டாவது மாடி ஓனர் கோவையில் இருக்கிறார், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் மெயின்டனன்ஸ். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 12 மாதம் கட்டவே இல்லை. பாத்ரூம் கூரையில் கசிவு, அதைச் சரிசெய்யாமல் பணம் கிடையாது என்பது அவர் கட்சி.

நினைவூட்டலுக்கு எங்களிடம் ஒரு வரிசை உண்டு. 10-ஆம் தேதி கெடு, 11-ஆம் தேதி வாட்ஸ்அப். ஒரு மாதம் ஆனால் மெயில், இரண்டு மாதம் ஆனால் லெட்டர்ஹெட்டில் கடிதம், மூன்று மாதம் ஆனால் இறுதி நோட்டீஸ். முதல் மூன்றும் ஒழுங்காகப் போயின, பதில்தான் வரவில்லை. செக்ரட்டரி ஒருமுறை பாக்கிப் பட்டியலைக் குரூப்பிலேயே போட்டுவிட்டார். அன்று முழுக்கச் சண்டை. பத்து பைசா வரவில்லை. வாட்ஸ்அப் என்றால் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

இறுதி நோட்டீஸைத் தள்ளித் தள்ளி 2025 ஏப்ரலில்தான் போட்டோம். நான்தான் தயாரித்தேன். பாக்கி 36,000, வட்டி 24 சதவீதம், ஆக 8,640; மொத்தம் 44,640. ஃபிளாட் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை கையெழுத்தோடு திரும்பியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மே மாதம் அந்த வீட்டு மீட்டர் விஷயமாகக் கதவைத் தட்டினால், செருப்பு ஸ்டாண்டின் மேல் தண்ணீர் கேன் சீட்டுகளுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கிறது எங்கள் கவர். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் வாடகைக்கு இருக்கும் பையன். "சார், ஓனர் வந்தா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கும்: வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது, கோவை முகவரியும் அதிலேயே இருக்கிறது. நான் அவர் பெயருக்கு மட்டும் எழுதியிருந்தேன்.

நோட்டீஸை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினேன். மறுநாளே நாலு வரி பதில். "24 சதவீதம் பைலாவில் எந்த விதியில் இருக்கிறது? மார்ச் மாதப் பணத்துக்கு ஒரு வருட வட்டி எப்படி வந்தது?"

இரண்டு கேள்வியும் நியாயம். பைலாவைத் தேடினேன். செக்ரட்டரி வீட்டு பீரோவில் பழைய லிஃப்ட் பில்களோடு இருந்தது. அதில் இருப்பது ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி, மாதத்தின் பகுதிக்கு வட்டி கிடையாது. 24 என்பது ஒரு கமிட்டி மீட்டிங்கில் யாரோ சொல்லி மினிட்ஸில் ஏறியது. எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது. பைலாவில் உள்ள விகிதத்தை மாற்ற வேண்டுமானால் பொதுக்குழுவில் திருத்தம் நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஏழு பேர் டீ குடித்துக்கொண்டே ஏற்றிவிட முடியாது.

அடுத்தது என் சொந்தத் தப்பு. 36,000 முழுவதும் முதல் நாளே நின்றுவிட்டது போல மொத்தத்துக்கும் ஒரு வருட வட்டி போட்டிருந்தேன். உண்மையில் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அதனதன் கெடுவிலிருந்துதான் வட்டி ஓடும். 3,000-க்கு மாத வட்டி 30 ரூபாய். 2025 ஏப்ரல் 10-இல் கணக்குப் பார்த்தால், 2024 ஏப்ரல் தொகை 12 மாதத் தாமதம், 360 ரூபாய். மே 11 மாதம், 330. இப்படியே இறங்கி மார்ச்சுக்கு ஒரே மாதம், 30. எல்லாம் கூட்டினால் 78 மாத வட்டி, 2,340 ரூபாய். நான் கேட்டது 8,640. வங்கியில் முப்பது வருடம் இருந்தவன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது.

பழைய நோட்டீஸை வாபஸ் வாங்குகிறோம் என்று எழுத்தில் சொல்லிவிட்டுப் புதிதாகத் தயாரித்தோம். கமிட்டியில் ஒருவர் "தண்ணிய கட் பண்ணுவோம்னு ஒரு வரி போடுங்க, அப்பதான் பயப்படுவான்" என்றார். வரைவைப் பார்த்த வக்கீல் அந்த வரியை முதலில் அடித்தார். குடிநீரை நிறுத்தினால் கோர்ட்டில் நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் அங்கே இருப்பது வாடகைக்காரர் குடும்பம் என்றார். இன்னொன்றும் சொன்னார், டிரஷரர்கள் கவனிக்க வேண்டியது. பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலக்கெடு, அதுவும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் தனித்தனியாக. நாம் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அது நீளாது. அந்த மூன்று வருடம் முடிவதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதினாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோதான் புதிதாக ஓடும்.

ஜூலை 10 தேதியிட்ட நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம்தான். மாதவாரியாகக் கெடு, தொகை, தாமதம், வட்டி என்று ஒரு பட்டியல், பைலா விதி எண், சங்கத்தின் வங்கிக் கணக்கு, கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம், தவறினால் வசூலுக்கு வழக்கு. கூடுதலாக மூன்று மாத வட்டி 1,080 சேர்ந்து வட்டி 3,420, மொத்தம் 39,420. கசிவு தனிப் புகார், பிளம்பரை வைத்துப் பார்க்க வரும் தேதி இது என்று கடைசியில் ஒரு வரி. இருவர் பெயருக்கும் தனித்தனி கவர், கோவைக்கு. ஒரு பிரதி மெயிலில். ஜூலை 14 அன்று இருவரும் வாங்கியதாக அட்டை வந்தது.

நடுவில் ஒரு சுவாரசியம். 2025 ஏப்ரலிலிருந்து அவர் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவந்தார், ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயரை எழுதி. அதைப் பழைய பாக்கியில் வரவு வைக்கலாமே என்று செக்ரட்டரி கேட்டார். கூடாது. எந்தக் கடனுக்கு என்று கட்டுபவர் சொல்லிவிட்டு, அதை நாம் வாங்கிக்கொண்டால் அதில்தான் வரவு வைக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 59-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் எதுவும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் கதை வேறு.

ஜூலை 22 அன்று 36,000 வந்தது. குறிப்பில் "24-25 பாக்கி, ஃபுல் அண்ட் ஃபைனல்". கமிட்டி குரூப்பில் ஒரே கைதட்டல் பொம்மைகள். நான் அன்று இரவே மெயில் போட்டேன்: அசல் 36,000 வரவு வைக்கப்பட்டது, இது முழுத் தீர்வு அல்ல, வட்டி 3,420 நிலுவையில் உள்ளது. இதை எழுதாமல் சும்மா இருந்திருந்தால், முழுத் தீர்வாகத்தானே வாங்கிக்கொண்டீர்கள் என்று நாளைக்கு அவர் கேட்பார். மறுநாள் போன் வந்தது.

"வட்டிய தள்ளுபடி பண்ணக் கூடாதா சார்? ஆறு வருஷமா ஒழுங்கா கட்டினவன் நான்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல சார். பொதுக்குழுவுக்கு எழுதிக் குடுங்க, வெக்கிறேன். அதுவரைக்கும் நோட்டீஸ் நோட்டீஸ்தான்."

எழுதிக் கொடுக்கவில்லை. ஜூலை 29, அவகாசத்தின் கடைசி நாள். இரவு 11.40-க்கு போன் டிங் என்றது: 3,420. குறிப்பில் "வட்டி, ஆட்சேபத்துடன்". காலையில் ரசீது கேட்டு மெயில், அசலுக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று. இரண்டையும் அனுப்பினேன், பிளம்பரின் ரிப்போர்ட்டையும் சேர்த்து. கசிவு மூன்றாவது மாடிக் கழிவுக் குழாயிலிருந்துதான் வருகிறதாம். மூன்றாவது மாடிக்காரருக்கும் இரண்டு மாதப் பாக்கி இருக்கிறது.