புது கெப்பாசிட்டர் ஏன் ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை?

கீழ்வீட்டு அக்காவின் ஃபேன் நேற்று மாலையும் குச்சியால் தள்ளாமல் தானாகவே சுற்றத் தொடங்கியது. மாலை என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலையில் அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி போடும் நேரத்தில்தான் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு நின்றுவிடும்.

அக்கா வீட்டிலேயே தையல் தைப்பவர். காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை ஃபேன் அஞ்சிலேயே ஓடும். "பாப்பா, நீ காலேஜ்ல கண்டன்சர் புராஜெக்ட்தானே பண்றே? ரெண்டு தடவை மாத்தியாச்சும்மா, மறுபடியும் அதே கதை. வந்து பாரேன்" என்றார். டிப்ளமோ கடைசி ஆண்டுக்கு நான் எடுத்திருப்பது ஆர்டுயினோ வைத்துச் செய்யும் கெப்பாசிட்டன்ஸ் மீட்டர். முதல் ரிவியூவில் சார் கேட்ட கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது: "உன் மீட்டர் அஞ்சு வோல்ட்ல அளக்குது. ஃபேன்ல அது எவ்வளவு வோல்ட்ல நிக்குதுன்னு தெரியுமா?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, கப்பைத் தளர்த்தினேன். இறக்கையைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் நெடுநேரம் ஓடியது, பேரிங்கில் சத்தம் இல்லை. காயில் மூன்று ஒயருக்கிடையே ஓம் பார்த்தேன். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சரியாக வந்தது, பாடிக்குக் கசிவும் இல்லை. ஆக வைண்டிங் நலம். மிச்சம் கெப்பாசிட்டர்தான்.

ஃபேனில் இருந்ததைக் கழற்றினேன். அக்கா பழசு எதையும் தூக்கிப் போடாதவர். மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு நடுவே முன்பு கழற்றிய இரண்டும் இருந்தன: ஃபேனோடு வந்த முதலாவது, அதற்குப் பதிலாகப் போட்ட இரண்டாவது. மூன்றிலும் 2.5 மைக்ரோபாரட் என்றே அச்சிட்டிருந்தது. மீட்டரில் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்தேன். ஓடும் ஃபேனை அணைத்தால் கெப்பாசிட்டரில் மிஞ்சும் சார்ஜ் காயில்கள் வழியாகவே வடிந்துவிடும். ஆனால் ஒரு காயில் அறுந்திருந்தால் வடிய வழியில்லை. அந்த மிச்சம் விரலையும் பதம் பார்க்கும், ஆர்டுயினோவின் பின்னையும் கொல்லும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த ஒரு நொடி கரண்ட் உள்ளே ஃபிலிமின் ஓரத்து இணைப்பைச் சுடுகிறது.

மீட்டரின் இதயம் இவ்வளவுதான்:

```
digitalWrite(CHG, HIGH);
t0 = micros();
while (analogRead(A0) < 647);
C = (micros() - t0) / R;
```

1023இல் 63.2 சதவீதம் 647. அந்த அளவுக்கு ஏற எடுக்கும் மைக்ரோ செகண்டை ஓமால் வகுத்தால் நேராக மைக்ரோபாரட் வந்துவிடும். R 10,000 ஓம் என்றால் 2.5க்கு 25,000 மைக்ரோ செகண்ட். ரெசிஸ்டரின் பட்டையை நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்த மதிப்பைத்தான் R-இல் போட வேண்டும், தசமத்தோடு.

ஃபேனோடு வந்தது 1.48. இரண்டாவது 1.62. இப்போது ஃபேனில் இருப்பது 1.87. முதலாவது பல வருடம் உழைத்துத் தேய்ந்தது, அதில் வியப்பில்லை. மற்ற இரண்டும் இந்தக் கோடையில் வாங்கியவை. முதலில் எனக்குத் தோன்றியது, கடைக்காரர் போலிச் சரக்கை விற்றிருப்பார் என்பதுதான். அதே கடைக்குப் போய் அதே ரகத்தில் புதிதாக ஒன்று வாங்கி அளந்தேன். 2.47. எந்தக் குறையும் சொல்ல முடியாத அளவு. விற்கும்போது நன்றாக இருப்பது அக்கா வீட்டுக் கூரையில் ஏறியதும் தேய்கிறது.

இந்த இடத்தில்தான் லேபிளின் இன்னொரு வரியைப் படித்தேன். ஃபேனோடு வந்ததில் 440 வோல்ட் ஏசி என்றிருந்தது. பிறகு வாங்கியவற்றில் 250 வோல்ட் ஏசி. ரெகுலேட்டருக்குள் வைக்கும் ரகம் அது. கடையில் கேட்டபோது "வீட்டு கரண்ட் 230 தானேம்மா, 250 போதும்" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. நானும் ஒரு பதிலைக் காகிதத்தில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் சாரின் கேள்வி அதேதான் என்பது அப்போது உறைத்தது. அளந்தே தீர வேண்டும்.

440 வோல்ட்டில் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினேன் (மீட்டரில் 2.52). மெயின் அணைந்திருக்கும்போதே உறை போட்ட முதலைக் கிளிப்புகளை மாட்டி, ஒயரை இறக்கைக்கு எட்டாமல் கப்பின் மேல்பக்கமாகக் கட்டி, சுவரோரம் மேசைக்கு இழுத்தேன். மல்டிமீட்டர் ஏசி 750 ரேஞ்சில், ஒயர்கள் 600 வோல்ட் தாங்குபவை. கிளிப்பை மாட்டுவதும் மாற்றுவதும் மெயின் இறங்கியிருக்கும்போது மட்டும். கரண்ட் இருக்கும்போது எதையும் தொடுவதில்லை, எண்ணைப் பார்ப்பதோடு சரி. செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ஒழுங்கை விட்டுவிடாதீர்கள்.

ஃபேன் முழு வேகத்துக்கு வந்தபின் கிடைத்தவை: சப்ளை 226 வோல்ட். ஸ்டார்டிங் காயிலின் குறுக்கே 221. கெப்பாசிட்டரின் குறுக்கே 318.

ஸ்டார்டிங் காயிலும் கெப்பாசிட்டரும் தொடராக இணைந்து அதே 226இல்தான் நிற்கின்றன. 221ஐயும் 318ஐயும் கூட்டினால் 539. சப்ளையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! முதல் வருடத்தில் ஃபேசர் வரைந்து மார்க் வாங்கியாயிற்று, ஆனால் கண் முன்னால் மீட்டரில் இந்த எண்கள் நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது. ஓடும் மோட்டாரில் ஸ்டார்டிங் காயிலின் வோல்டேஜ் சப்ளைக்குக் கிட்டத்தட்ட 90 டிகிரி விலகி நிற்கும். இரண்டும் செங்கோணத்தின் இரு பக்கங்கள் என்றால் கெப்பாசிட்டருக்கு விழுவது கர்ணம். 226இன் வர்க்கமும் 221இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 316. மீட்டர் காட்டியது 318. எட்டாம் வகுப்பு பிதாகரஸ் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சப்ளை ஏறும் நேரத்தில் இது இன்னும் கூடும். அதாவது 250க்கான கெப்பாசிட்டர், தான் தாங்கும் அளவுக்கு நாலில் ஒரு பங்கு அதிகமாக, தினமும் காலையிலிருந்து இரவு வரை சுமந்திருக்கிறது. ரெகுலேட்டரை இரண்டில் வைத்து அளந்தேன்: கெப்பாசிட்டரில் 170ஐ ஒட்டித்தான் வந்தது. படுக்கையறையில் இரண்டிலேயே ஓடும் ஃபேனில் இதே 250 ரகம் வருடக்கணக்கில் நிற்பதும், "எங்க வீட்ல ஒண்ணும் ஆகலையே" என்று பலர் சொல்வதும் இதனால்தான்.

ஏன் ஒரேயடியாக வெடிக்காமல் மெல்லத் தேய்ந்தது? இதற்கு புராஜெக்ட்டில் செய்த வேறொரு வேலை கைகொடுத்தது. மீட்டரைச் சோதிக்க வைண்டிங் கடையில் கழித்துப்போட்ட கெப்பாசிட்டர்களை வாங்கி வந்து, அளந்தபின் சிலவற்றை உடைத்துச் சுருளைப் பிரித்துப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். உள்ளே இருப்பது மிக மெல்லிய உலோகப் பூச்சு பூசிய பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம். ஓரிடத்தில் மின்காப்பு உடைந்தால் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகிவிடும், ஷார்ட் தானே ஆறிவிடும். ஆனால் பூச்சு போன இடம் போனதுதான், அவ்வளவு பரப்பு குறைந்தது, அவ்வளவு மைக்ரோபாரட் குறைந்தது. வயதாகித் தேய்ந்தவற்றில் ஃபிலிமின் ஓரத்திலிருந்து பூச்சு அரித்துக்கொண்டு வந்திருக்கும், புள்ளிகள் அங்கங்கேதான் தெரியும். அக்காவின் 250 ரகத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஃபிலிம் முழுக்க அம்மை போட்டதுபோல் கண்ணாடிப் புள்ளிகள். ஓரம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. வயதால் வந்த தேய்மானம் இல்லை, தாங்காத வோல்டேஜால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு அந்த நோட்டுப் படங்கள் போதுமாக இருந்தன. மீட்டர் சொல்வது எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும். எப்படிப் போனது என்பதை ஃபிலிம்தான் சொல்கிறது. புராஜெக்ட்டில் பக்கம் நிரப்ப வரைந்ததாக நினைத்திருந்த பகுதி அது. இனி அறிக்கையில் அதற்குத் தனி அத்தியாயம்.

மாலைக் கணக்கும் இதோடு சேர்ந்தது. இரவு ஏழு மணிக்கு அக்கா வீட்டு பிளக்கில் 200 வோல்ட்தான் வருகிறது. திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 200 என்றால் முக்கால் பங்குதான் மிஞ்சும். ஏற்கெனவே கெப்பாசிட்டர் தேய்ந்து ஸ்டார்டிங் காயிலுக்குக் கரண்ட் குறைந்த ஃபேனுக்கு அந்தக் கால் பங்கு இழப்பு தாங்காது. காலையில் தப்பித்தது, மாலையில் நின்றது.

வேகத்தையும் பார்த்தேன். ஒரு இறக்கையில் வெள்ளை டேப் ஒட்டி, போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்து, ஒரு சுற்றுக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் போதும். 14,400ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடச் சுற்று. தேய்ந்த கெப்பாசிட்டரோடு 58 ஃபிரேம், அதாவது 248. இப்போது 39 ஃபிரேம், 369. அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. "வெட்டி வெச்ச துணி பறக்குதும்மா, நாலுல வெச்சுக்கறேன்" என்றார்.

வாங்கும்போது ஒரு விஷயம். "3.15 போடு, இன்னும் வேகமா ஓடும்" என்று சொல்வார்கள். 2.5க்கென்று சுற்றிய காயிலில் பெரியதைப் போட்டால் ஸ்டார்டிங் காயில் வழியே கரண்ட் கூடி அது சூடாகும். கெப்பாசிட்டர் கருகினால் மாற்றிவிடலாம், காயில் கருகினால் வைண்டிங் செலவு. பழையதில் என்ன மைக்ரோபாரட்டோ அதே. ஆர்டுயினோ, ஷீல்டு, டிஸ்ப்ளே எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிறேன். 440 வோல்ட் ஃபேன் கெப்பாசிட்டருக்கு மட்டும் பேரிங்கும் காயில் கம்பியும் விற்கும் கடையே மேல். அங்கே வைண்டிங் போடுபவர்கள் வாங்குவதால் 250 ரகத்தை எடுத்து நீட்டுவதில்லை.

மீட்டருக்குப் பெட்டி இன்னும் செய்யவில்லை, பிரட்போர்டிலேயே கிடக்கிறது. அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. அக்காவின் பின்னறை ஃபேன் அஞ்சில் நன்றாக ஓடுகிறது, இரண்டிலும் மூன்றிலும் மட்டும் நாளுக்கு நாள் மெதுவாகிறது. அஞ்சாவது நிலையில் ரெகுலேட்டரின் கெப்பாசிட்டர்கள் வழியில் இல்லை, கரண்ட் நேராகப் போகிறது. எனவே சந்தேகம் ஃபேன் மேல் இல்லை, சுவர்ப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் மேல். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து ஒவ்வொரு நிலையிலும் அளக்கிறேன். அதற்கு முன் மீட்டரில் 1 மைக்ரோபாரட்டுக்குக் கீழே துல்லியம் போதுமா என்று பார்க்க வேண்டும். R-ஐ 100 கிலோஓமாக மாற்ற ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்று இருக்கிறேன்.