அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தமிழில் எழுதி வாங்கினோம்

அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், பல வருடமாகத் தினமும் குடி. காலில் அடிபட்டு வீட்டோடு படுத்ததில் குடி அப்படியே நின்றுபோக, மறுநாளே கை நடுக்கம், வியர்வை, அப்புறம் ஒரு வலிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் ஒரு ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அறுந்த இழையைக் காற்றில் துழாவிப் பிடித்து, இரண்டு விரலால் திரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால் "தறி நிக்குது பாரு" என்கிறார். சாராயம் வருடக்கணக்காக அமுக்கி வைத்திருந்த மூளை, அது திடீரென்று இல்லாமல் போனதும் ஒரேயடியாகத் துள்ளுகிறது, வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும், இந்தக் குழப்பம் 2 முதல் 4 நாளுக்குள் வரும் என்று டாக்டர் விளக்கினார்.

தெளிந்து வீட்டுக்குப் போகலாம் என்றபோது கையில் கொடுத்த சீட்டு முழுக்க ஆங்கிலம், மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் 1-0-1. மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போவதோ அம்மா. அதனால் ட்யூட்டி டாக்டரிடம், "நீங்க சொல்லுங்க சார், நான் தமிழ்ல எழுதி உங்களுக்கே படிச்சுக் காட்டறேன்" என்று கேட்டேன். வார்டில் அத்தனை கூட்டம் இருந்தும் அவர் நின்று சொன்னார். அப்பாவையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

முதலில் குளோர்டயசெபாக்சைடு 10 மி.கி. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கிய மாத்திரை இதுதான், ஆஸ்பத்திரியிலேயே பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். தாளில் இப்படி எழுதினேன்: "முதல் 2 நாள் காலையில் 1, ராத்திரி 1. அடுத்த 2 நாள் ராத்திரி மட்டும் 1. அதோடு சரி. மொத்தம் 6 மாத்திரை. தூக்கம் வரவில்லை என்று மறுபடி வாங்கக் கூடாது." சாராயத்துக்குப் பதிலாக இந்த மாத்திரையே பழகிவிடும் என்பதால்தான் எண்ணிக் கொடுக்கிறார்களாம். தூக்கம் சரியாகச் சில வாரம் ஆகலாம் என்பதையும் எழுதச் சொன்னார். சாராயம் குடித்துவிட்டு இதைப் போட்டால் மூச்சு மந்தமாகிவிடும், அன்றைக்கு மாத்திரை கொடுக்காமல் போன் பண்ணுங்கள் என்று சொன்னதற்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அடுத்தது தயமின், அதாவது பி1 சத்து, தினமும் 100 மி.கி. குடிக்கிறவர்களுக்கு இது உடம்பில் தங்குவதில்லை, குறைந்துபோனால் மூளை கெடும். இதை மட்டும் அடுத்த முறை பார்க்கிற வரை நிறுத்தவே கூடாது.

அம்மா கேட்ட கேள்விகள்தான் தாளில் பாதி. "ஏனுங் சார், பசிக்கறதுக்கு அரிஷ்டம் குடுக்கலாமுங்களா?" அரிஷ்டத்திலும் சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் இருக்கிறது, வேண்டாம் என்று அதையும் ஒரு வரியாகச் சேர்த்தார். மாமா குறுக்கே, குடியை வெறுக்க வைக்கிற மாத்திரையைத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடலாமா என்றார். டாக்டர் குரலே மாறிவிட்டது. அந்த மாத்திரை, அதாவது டைசல்ஃபிராம், உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும், நிறுத்தி 2 வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும், குடிக்கிறவருக்குத் தெரிந்து அவர் சம்மதித்தால்தான் அதைக் கொடுப்போம் என்றார். அப்பாவுக்கு ஆசையைக் குறைக்கிற மாத்திரை எது ஒத்துக்கொள்ளும் என்பதை ஈரல் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சொல்வதாகத் தேதி குறித்துக் கொடுத்தார்.

அப்புறம் எப்போது ஓடிவர வேண்டும் என்பது. வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சலோடு உளறல், கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, ரத்த வாந்தி, கருப்பாக மலம் போவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், கையில் சாவி, இரும்பு கொடுப்பதோ வாயில் எதையாவது திணிப்பதோ கூடாது. வலிப்பு வந்தவர் என்பதால் டாக்டர் சொல்கிற வரை வண்டி ஓட்டக் கூடாது, தறிக்கும் போகக் கூடாது. அப்பாவுக்கு இது ஒன்றுதான் கசந்தது.

என்னை நிறுத்திப் படிக்க வைத்தது கடைசி வரி. மறுபடி குடித்துவிட்டால் அதை மறைக்காமல் வரச் சொன்னார். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டு வீட்டிலேயே கதவைப் பூட்டி நிறுத்த வைத்தால் வலிப்பும் குழப்பமும் போன தடவையைவிடப் பலமாக வரலாமாம். அதனால் நிறுத்துவதென்றாலும் ஆஸ்பத்திரியில்தான். ராத்திரி நேரத்தில் மனசு தாங்காமல் போனால் பேச 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது.

எழுதி முடித்ததும் டாக்டர் தாளை வாங்கி அப்பாவிடமே கொடுத்து, "நாளைக்குக் காலையில என்ன மாத்திரைங்க?" என்று கேட்டார். அப்பா விரலை வைத்துப் படித்து, இரண்டு மாத்திரையையும் சரியாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.