அந்தச் சாம்பல் நிறம்

வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுப்பவர்களுக்கான ஒரு செயலியை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். நோயாளியின் பெயர், முகவரி, என்னென்ன பரிசோதனை, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ‘வெறும் வயிற்றில்’ என்ற குறிப்பு. எல்லாம் ஒரே திரையில். அதைக் காட்டிய ரிவியூ கூட்டத்தில் வந்த இரண்டு கருத்துகளை நோட்டில் எழுதி, ஒன்றுக்கு எதிரே ‘ரசனை’ என்றும் இன்னொன்றுக்கு எதிரே ‘பிரச்சினை’ என்றும் குறித்துவைத்தேன். இரண்டையுமே தப்பாகக் குறித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் கருத்தைச் சொன்னவர் களப்பணியைக் கவனிக்கும் அக்கா. பல வருஷம் அவரே மாதிரி எடுக்கப் போனவர். “இந்தச் சாம்பல் கலர் எனக்குப் பிடிக்கவே இல்ல தம்பி. செத்துப்போன மாதிரி இருக்கு. சிவப்புல போடுங்க” என்றார். ‘பிடிக்கவில்லை’ என்ற சொல்லைக் கேட்டதுமே ரசனை என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டாவது எங்கள் மேனேஜர் சொன்னது: “ஓரம் வட்டமா இருக்கற பட்டன் யூசருக்குக் குழப்பமா இருக்கும்.” ‘யூசர்’ என்ற சொல் வந்துவிட்டதால் அது பிரச்சினை ஆகிவிட்டது.

அடுத்த வாரம் மாதிரி எடுக்கும் பையன் ஒருவருடன் காலைச் சுற்றுக்குப் போனேன். இரண்டாவது வீட்டு வாசலில் நின்று அவர் திரையைப் பார்த்தபோது, வெயில் நேராக போன்மீது விழுந்தது. இடது கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு படித்தார். பெயரும் பரிசோதனையும் தெரிந்தன. கீழே இருந்த குறிப்பு தெரியவில்லை. உள்ளே போய் ரத்தம் எடுத்து முடித்த பிறகுதான் அந்த வீட்டுப் பாட்டி, “ஆறு மணிக்கே காபி குடிச்சிட்டேனேப்பா” என்றார். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். எடுத்த ரத்தம் வீண். மறுநாள் மறுபடியும் அவர் கையில் ஊசி.

அலுவலகத்துக்கு வந்து அளந்து பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் நான் போட்டிருந்த நிறம் #999999. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 2.85:1தான். திரையில் இருப்பதை எல்லோராலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. போதாததற்கு எழுத்தின் அளவு 12 பிக்சல். தமிழில் அந்த அளவுக்குப் போனால் புள்ளிதான் முதலில் மங்கும். ‘வெறும் வயிற்றில்’ என்பதில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன.

அக்கா சொன்னது ரசனை மாதிரி காதில் விழுந்த பிரச்சினை. தனக்கு என்ன இடறுகிறது என்பதற்கு அவரிடம் எங்கள் தொழில் வார்த்தைகள் இல்லை, அவ்வளவுதான். கூட்டத்திலேயே “எந்த இடத்தில், என்ன செய்யும்போது அப்படித் தோன்றுகிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வெயிலைப் பற்றிச் சொல்லியிருப்பார். மறுநாள் கேட்டேன், சொன்னார். அவர் தந்த தீர்வை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் செயலியில் சிவப்பு என்றால் ‘நேரம் தாண்டிவிட்டது’ என்று அர்த்தம். அதனால் நிறத்தை #595959 ஆக்கி விகிதத்தை 7:1க்குக் கொண்டுபோனோம், எழுத்தை 16 பிக்சல் ஆக்கினோம், குறிப்பைப் பரிசோதனைப் பெயருக்கு மேலே ஏற்றினோம். இந்த விகிதம்கூட அறைக்குள் கணக்கிடும் எண்தான். வெயிலில் திரை பளபளக்கும்போது அது இன்னும் இறங்கும். ஆகவே மறுபடியும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் முடித்தோம்.

மேனேஜரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். யார் குழம்புவார், எதை அழுத்த நினைத்து எதை அழுத்திவிடுவார்? கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படி யாரையும் பார்க்கல. சதுரமா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு” என்றார். நேர்மையான பதில். கருத்து பிரச்சினையைப் பற்றியது என்றால், அதைச் சரியா தவறா என்று போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கும்: ஒரு ஆள், ஒரு வேலை, அந்த வேலை தடைப்படும் ஒரு புள்ளி. இவருடைய கருத்தில் அது இல்லை. யூசர் என்ற பெயரில் அவரே நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. அந்தச் சாம்பல் நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, திரை அமைதியாக, சுத்தமாகத் தெரிகிறது என்பதைத் தவிர ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ரசனையைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். இப்போதெல்லாம் காட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அது யாருடைய எந்த வேலைக்காக என்று எழுதிவைக்கிறேன். எழுத வராத இடங்களை, “இது என் விருப்பம்” என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டனைச் சதுரமாக்கிவிட்டோம். செயலியின் மற்ற பக்கங்களில் எல்லாம் சதுரம்தான் இருந்தது. பத்து நிமிஷ வேலை.