லிங்க் வந்தது, கேள்வி வரவில்லை

குன்னூரில் ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவு மேசையில் வேலை பார்க்கிறேன். சீசன் நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும் செய்திகளில் ஒரு வகை உண்டு. வணக்கம் இருக்காது, பெயர் இருக்காது, எந்தத் தேதிக்கு அறை எடுத்தவர் என்ற குறிப்பும் இருக்காது. ஒரு லிங்க் மட்டும் இருக்கும். அனுப்பியவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக நினைத்து ஃபோனை வைத்திருப்பார். நமக்கோ அதை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் தொடங்க முடியாது.

2024, 2025 கோடைகளில் இப்படி அதிகம் வந்தது அப்போதைய இ-பாஸ் தளத்தின் முகவரிதான்.

```
https://epass.tnega.org
```

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்து வர வேண்டும் என்றானது. அதன் பிறகு அறைக்கு முன்பணம் கட்டுபவர்களில் பாதிப் பேருக்காவது இந்தப் பாஸைப் பற்றி ஏதோ ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை எழுதாமல் தளத்தின் முகவரியை மட்டும் அனுப்புகிறார்கள். தங்கள் திரையில் தெரிவதுதான் என் திரையிலும் தெரியும் என்று அவர்கள் நம்புவதே இதற்குக் காரணம்.

அப்படித் தெரியாது. பாஸ் எடுப்பவர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போயிருப்பார். அவர் உள்ளே இருக்கிறார் என்பதை அவருடைய ஃபோனும் அந்தத் தளமும் தங்களுக்குள் நினைவு வைத்திருக்கும். மேலே உள்ள முகவரியில் அந்த நினைவு கிடையாது. அவர் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்துகொண்டு முகவரியை நகலெடுத்து அனுப்பினாலும், நான் திறந்தால் எனக்கு வருவது வாசல் பக்கம்தான். அவருடைய வண்டி எண், தேதி, வந்த பிழைச் செய்தி எதுவும் எனக்குத் தெரியாது. வங்கி, ரயில் முன்பதிவு, அரசுச் சேவை என்று உள்நுழைந்து பார்க்கும் எல்லாப் பக்கங்களுக்கும் இதே கதைதான்.

அதனால் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு ஆட்கள் இருக்கலாம். பாஸ் தேவையா, இதுதான் சரியான தளமா என்று கேட்பவர் ஒருவர். எடுக்கும்போது நடுவில் நின்றுபோனவர் இன்னொருவர். எடுத்து முடித்து, சரிபார்க்கச் சொல்பவர் மூன்றாமவர். மூவருக்கும் சொல்ல வேண்டிய பதில் வேறு. ஊகித்து ஒன்றைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் குடும்பத்தோடு சனிக்கிழமை வருவதாக அறை எடுத்திருந்தார். வியாழன் மாலை அவரிடமிருந்து இந்த லிங்க் மட்டும் வந்தது, அதுவும் வேறு யாரோ அவருக்கு அனுப்பியதை ஃபார்வர்டு செய்து. மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, பாஸ் எடுக்கும் முறையை வரிவரியாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டான். அனுப்பாதே, முதலில் கேட்போம் என்று நிறுத்தினேன். நாங்கள் அனுப்பியது இது:

“வணக்கம் சார். லிங்க் கிடைத்தது. எங்கள் பக்கம் திறந்தால் முகப்பு மட்டும்தான் தெரிகிறது. பாஸ் வேண்டுமா என்று கேட்கிறீர்களா, எடுக்கும்போது எங்காவது நின்றுவிட்டதா, இல்லை எடுத்த பாஸை நாங்கள் பார்க்க வேண்டுமா?”

“பொண்ணுதான் எடுத்துச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லி இதை அனுப்பிச்சு. சரியா இருக்கான்னு பாருங்க.”

பெண் எடுத்த பாஸை அப்பா எங்களுக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு தளத்தின் வாசலை அனுப்பியிருந்தார். இறக்கிவைத்த பாஸையே அனுப்பச் சொல்லுங்கள், கோப்பாக முடியாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் போதும், அதில் கைபேசி எண் தெரிந்தால் மறைத்துவிடலாம் என்று எழுதினோம். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. வண்டி எண் சரி, தேதி சரி, ஆட்கள் எண்ணிக்கை சரி. போகும் இடம் மட்டும் கொடைக்கானல். ஒரே தளத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பாஸ் தருவதால் அந்தப் பெண் தவறான பக்கத்தைத் தேர்ந்துவிட்டாள்.

தம்பி எழுதிக்கொண்டிருந்த விளக்கத்தை அனுப்பியிருந்தால் பெரியவர், “அதெல்லாம் எடுத்தாச்சு” என்று ஒரு வரி போட்டிருப்பார். நாங்களும் சரி என்று விட்டிருப்போம். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறில் வண்டியை நிறுத்திப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிந்திருக்கும். 2025 கோடைக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று எல்லை வைத்தார்கள். அப்படி எல்லை இருக்கும்போது, சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அன்றைக்கே புதுப் பாஸ் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. வியாழன் மாலையே தெரிந்ததால் அந்தப் பெண் அன்றிரவே நீலகிரிக்குப் புதிதாக எடுத்துவிட்டாள்.

நாங்கள் கேட்ட விதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. “இது என்ன?” என்று கேட்டால் பெரும்பாலும் “லிங்க்” என்றே பதில் வரும். சிலருக்கு அது முகத்தில் அடித்தது போலவும் இருக்கும். “என்ன உதவி வேண்டும்?” என்பது அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சொல்லத் தெரியாமல்தானே அவர் லிங்கை அனுப்பினார்? அவர் கேட்க நினைத்திருக்கக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை நாமே எடுத்து வைத்தால் “மூணாவது” என்று ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். நமக்கு என்ன தெரிகிறது என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிட வேண்டும். “எங்களுக்கு முகப்பு மட்டும் தெரிகிறது” என்ற வரியைப் படித்த பிறகுதான், தன் திரை வேறு, நம் திரை வேறு என்பது அவருக்குப் புரிகிறது.

எந்தப் பதில் வந்தாலும் அடுத்து கேட்பது, அவர் கண்ணுக்குத் தெரிவதை. “வரலை”, “எரர் காட்டுது” என்பதோடு நிற்கக் கூடாது. திரையில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது, எந்த இடத்தைத் தொட்ட பிறகு அது வந்தது என்று கேட்க வேண்டும். ஓடிபியே வராமல் நிற்பவருக்குப் பிரச்சினை அவர் ஃபோனின் சிக்னலாக இருக்கலாம். ஓடிபி வந்து, படிவத்தை நிரப்பிய பிறகு நிற்பவருக்கு அது தேதியாக இருக்கலாம், வண்டி விவரமாக இருக்கலாம். ஓடிபி எண்ணை மட்டும் யாரிடமும் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. சிலர் நம்பிக்கையில் தாமாகவே அனுப்பிவிடுகிறார்கள். உடனே அழிக்கச் சொல்லி, இனி எங்களுக்கும் அனுப்பாதீர்கள் என்று சொல்கிறோம்.

யார் கொடுத்த லிங்க் என்பதையும் கேட்பேன். இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறோம் என்று யாரோ அனுப்பிய முகவரியை விருந்தினர் நமக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். முகவரியில் https-க்குப் பின்னால் வரும் இரண்டு சாய்கோடுகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை உள்ள பகுதியை எடுத்து அதன் கடைசிச் சொற்களைப் படிக்க வேண்டும். அன்றைய தளத்துக்கு அது epass.tnega.org என்று மட்டும் இருந்தால் சரி. epass.tnega.org.example.com என்று நீண்டால் அந்தத் தளம் example.com-க்குச் சொந்தமானது, முன்னால் இருப்பது வெறும் ஒட்டு. சந்தேகம் இருந்தால் நான் திறப்பதே இல்லை, எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிறகுதான் மற்றது.

குழுவாக வருபவர்கள் அனுப்பும் கூகுள் ஷீட் லிங்க் வேறு மாதிரி தொல்லை. ஆட்களின் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துத் திறந்தால் அனுமதி கேட்கும் பக்கம் வந்து நிற்கும். அனுமதி கேள் என்று அழுத்தினால் அந்த வேண்டுகோள் ஷீட்டை உருவாக்கியவருக்குப் போகும், நமக்கு லிங்க் அனுப்பியவருக்குப் போவதில்லை. உருவாக்கியவர் பயணத்தில் சேராத ஒரு அலுவலக ஊழியராக இருந்தால் நாளெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். அனுமதி கிடைத்துத் திறந்தாலும் இன்னொரு சிக்கல். நாம் பார்ப்பது இந்த நேரத்துப் பட்டியல், அவர் அனுப்பிய நேரத்துப் பட்டியல் அல்ல. காலையில் 22 பேர் இருந்தது மாலையில் 25 ஆகியிருக்கும். அறை ஒதுக்கி, இரவுச் சாப்பாடு சொல்பவருக்கு அந்த மூன்று பேர் பெரிய வித்தியாசம். அதனால் பட்டியலைச் செய்தியிலேயே ஒட்டி அனுப்பச் சொல்கிறோம். முடியாதென்றால், “நீங்கள் இப்போது பார்க்கும்போது மொத்தம் எத்தனை பேர், இனி மாறுமா?” என்று கேட்டு, வந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறோம்.

வரைபட லிங்க் வந்தால் நான் ஓட்டுநரிடம் அப்படியே தள்ளிவிடுவதில்லை. சுருக்கிய முகவரியில் இடத்தின் பெயரே இருக்காது, திறந்தால்தான் தெரியும். பர்லியார் பக்கம் சிக்னல் போய்விட்டால் எங்கள் ஓட்டுநர் அண்ணன் கையில் இருப்பது படிக்க முடியாத ஒரு எழுத்துச் சரம். இடத்தின் பெயர், பக்கத்தில் உள்ள கடையோ கோயிலோ பள்ளியோ, அங்கே இருப்பவர் யார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்று, இடத்தின் லிங்க் இடத்தை மட்டுமே சொல்லும். இவர்கள் எந்த வழியில் வருகிறார்கள் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். அது தெரியாதவர் வரைபடத்தை நம்பிக் கோத்தகிரி வழியைக் கணக்கு வைத்திருப்பார்.

லிங்க் மட்டும் வந்தாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. “அந்த மலை ரயில் முன்பதிவுத் தளம் எது?” என்று நான் கேட்டு, பதிலாக ஒரு லிங்க் வந்தால் அது முழுப் பதில். கேள்வி ஏற்கெனவே மேலே இருக்கிறது. கேள்வியே இல்லாத இடத்தில் வரும் லிங்குக்குத்தான் இத்தனை விசாரிப்பும்.

திருப்பிக் கேட்டும் பதில் வராதவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாது, எடுத்தாலும் அனுப்பத் தெரியாது. அவர்களுக்கு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நானே போன் செய்கிறேன். “ஐயா, ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு அந்தப் பக்கத்தைத் திறங்க. மேலேர்ந்து என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க, நான் எழுதிக்கிறேன்” என்றால் வாசித்துவிடுகிறார்கள். வாசிக்கும்போதே பாதிப் பேர், “அட, இங்கே வண்டி நம்பர் கேக்குதுங்க, நான் போடவே இல்லை” என்று தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.